அக்கா மாட்டிய கண்ணாடிகள்

என் அக்கா குள்ளம். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எழுத முடியாது. பேருந்தில் மேல்கம்பி எட்டாது. அலமாரியின் மேல்தட்டில் இருப்பதெல்லாம் எங்கள் வீட்டில் அவளுக்கு இல்லாத பொருள்தான். "உசரம்தான் கம்மி, குரல் கம்மியில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா இறந்த வருடம் ஒரு பெண்கள் பார்லரில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். தலை அலசக் கற்றாள், பிறகு கத்தரி பிடித்தாள். நான் கல்லூரிக்குப் போனது அவள் நின்ற கால்களில்தான். இரவில் வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் மேல்நோக்கிச் சாய்த்துக்கொள்வாள். கெண்டைக்கால்களில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். நான் பார்த்தால் பாவாடையை இழுத்துவிடுவாள். வேலை செய்கிற கால் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் சொந்தக் கடையைத் திறந்தாள்.

நான்கு நாற்காலிகள், நான்கு கண்ணாடிகள். சுற்றிலும் பல்பு வைத்த, அகலமான, உயரம் குறைந்த கண்ணாடிகள். எங்கே மாட்டுவது என்று தச்சர் கேட்டபோது, நாற்காலியைக் கடைசி மட்டத்துக்கு இறக்கி என்னை அதில் உட்காரவைத்து, என் பின்னால் கத்தரியோடு நின்று பார்த்தாள். "இங்க" என்று பென்சிலால் கோடு போட்டாள். அத்தனை வருடம் அடுத்தவர் கடையில் பலகை போட்டு ஏறி நின்று முடி வெட்டியவள், தன் கடையில் தன் அளவுக்கு எல்லாம் அமையட்டும் என்று நினைத்ததில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வந்தது. கடைசி வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

கடைக்கு ஒரு சட்டமும் வைத்தாள். உள்ளே வாடிக்கையாளர் இருக்கும்போது வேலை செய்பவர் யாரும் உட்காரக் கூடாது. வாசலருகே இருந்த சோபா வந்தவர்களுக்கு மட்டும். மதியச் சாப்பாட்டைத் திரைக்குப் பின்னால், தலை அலசும் தொட்டியின் விளிம்பில் டப்பாவை வைத்து நின்றபடியே முடித்துவிடுவார்கள். சாயம் பூசுவதில் கெட்டிக்காரியான ஒருத்தி இருந்தாள். கடையில் அவளுக்குக் கலர்காரி என்று பெயர். "இந்தக் கடையில உக்காரணும்னா காசு குடுத்து முடி வெட்டிக்கணும்" என்பாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் கடைக்குத்தான் கொக்கு வந்தாள்.

நிஜப் பெயர் அழகான பெயர். ஆனால் வந்த முதல் வாரமே அக்கா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவின் தலை அவள் தோளுக்குக் கீழேதான் நிற்கும். முடி வெட்டும்போது இடுப்பிலிருந்து வளைந்து, கழுத்தை நீட்டி, கண்ணைப் பிடரி முடியில் வைத்து அசையாமல் நிற்பாள். "தண்ணியில கொக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறா பாரு" என்று அக்கா சொன்னாள். எல்லோரும் பார்த்தார்கள், சிரித்தார்கள். கொக்கும் சிரித்தாள். அவள் ஏன் அப்படி வளைகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணெதிரே இருந்த விஷயத்துக்கு ஒரு பெயரை வைத்துவிட்டால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை போலும்.

கை நல்ல கை. வாடிக்கையாளர்கள் அவளையே கேட்டார்கள். முக்கியமாக ஒரு வக்கீலம்மா. சனிக்கிழமை காலையில் வந்தால் கொக்குதான் வேண்டும், வேறு கை பட்டால் தலைவலி வரும் என்பார். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொக்குவையே கொடுத்தாள் அக்கா. நீளமான முடியை டிரையர் போட்டு நேராக்குகிற வேலை ஒன்று முடிந்ததும் அடுத்ததும் அதே வேலை. கனத்த டிரையரைத் தூக்கிப் பிடித்த கை, வளைந்த இடுப்பு, நகராத கால். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். நாற்காலி காலியாக இருந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. அதைக் கொக்குவுக்குத் தந்த கௌரவமாகத்தான் நினைத்தாள். கொக்கு அம்மாவையும் மகளையும் தனியாகக் காப்பாற்றுகிறவள். வேலை நிறைய வரட்டும் என்றே அவளும் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, வக்கீலம்மா தலை அலசும் தொட்டியில் பின்னால் சாய்ந்திருந்தார். தொட்டி சுவரோடு ஒட்டியிருந்ததால் பின்னால் நிற்க இடமில்லை. பக்கவாட்டில் நின்று உடம்பைத் திருகிக் குனிந்துதான் அலச வேண்டும். கொக்கு அப்படிக் குனிந்து நுரை போட்டுக்கொண்டிருந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"கொக்குக்கு மீன் சிக்கிருச்சு டோய்" என்றாள் கலர்காரி.

கடை சிரித்தது. அக்காதான் உரக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. கொக்கு நிமிரவில்லை. ஒரு கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை. "அக்கா, நிமிர முடியலக்கா" என்று அவள் மெதுவாகச் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. கலர்காரி ஓடிப்போய் வக்கீலம்மாவின் தலையிலிருந்து நுரையைக் கழுவினாள். அக்காவும் இன்னொருத்தியும் கொக்குவைத் தாங்கிக்கொண்டு போய் சோபாவில் சாய்த்தார்கள். அத்தனை வருடத்தில் அவள் அந்தச் சோபாவில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார் மருத்துவர். ஆபரேஷன் தேவையில்லை, படுத்தே கிடக்கவும் கூடாது, நடக்க வேண்டும், ஆனால் குனிந்து நிற்கும் வேலை கொஞ்ச காலத்துக்குக் கூடவே கூடாது. திரும்பப் போய் பழையபடியே நின்றால் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். கத்தரியைத் தவிர வேறு தொழில் தெரியாதவளிடம் அதைச் சொன்னபோது அக்கா பக்கத்தில் இருந்தாள்.

மருத்துவர் அனுப்பிய இடத்தில் பிசியோதெரபி செய்கிற பெண் ஒருவர் இருந்தார். சுருக்கமாகப் பேசுகிறவர். ஒரு ஸ்டூலைக் காட்டி, அதில் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எப்படி நிற்பாய் என்று நின்று காட்டச் சொன்னார். கொக்கு வளைந்து காட்டினாள்.

"நாற்காலியை ஏன் இவ்ளோ கீழ வச்சிருக்கீங்க? அதுல பம்ப் இருக்குமே, மிதிச்சா ஏறுமே?"

கொக்கு அக்காவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஏத்தினா கஸ்டமர் தலை கண்ணாடிக்கு மேல போயிடும் மேடம். அவங்களுக்கு அவங்க கழுத்துதான் தெரியும்."

அக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது, "என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள்.

"சொன்னேன்க்கா. வந்த புதுசுல ஒரு தடவை. 'எனக்குச் சரியாத்தான இருக்கு'ன்னீங்க."

அக்காவுக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவள் சொல்லியும் மறுத்தோம் என்றால்கூட ஒரு தப்பு செய்தோம் என்று இருக்கும். காதிலேயே விழாததை என்னவென்று சொல்வது என்று கேட்பாள். அன்று நேராகக் கடைக்குப் போய், பல்பு மாற்றுவதற்கு வைத்திருந்த மரப்படியைக் கொக்குவின் நாற்காலிக்குப் பின்னால் போட்டு ஏறி நின்றாள். கொக்குவின் உயரம் வந்தது. கையில் சீப்பை எடுத்துக் காலி நாற்காலியின் தலைமாட்டில் வேலை செய்வதுபோல் குனிந்தாள். நான் கூடவே இருந்தேன். சற்று நேரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் இறங்கவில்லை. போதும் இறங்கு என்று நான் சொன்ன பிறகும் அப்படியே வளைந்து நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்து அவள் செய்தது இன்னொரு தப்பு. அவசரப்பட்டாள். தச்சரைக் கூப்பிட்டு நான்கு கண்ணாடிகளையும் கழற்றிக் கொக்குவின் உயரத்துக்கு ஏற்றி மாட்டச் சொன்னாள். சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று வாங்கினாள், கொக்குவுக்கு மட்டும். அவள் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு ரப்பர் விரிப்பு. யாருக்கு எந்த வேலை என்று வெள்ளைப் பலகையில் அன்றாட முறையை எழுதும்போது கொக்குவுக்கு உட்கார்ந்து செய்யும் வேலைகளையே போட்டாள். போன் எடுப்பது, நகம் திருத்துவது, கல்லாவில் இருப்பது. தன் வீட்டு மெத்தையிலிருந்து ஒரு குஷனைக்கூடக் கொண்டுவந்து ஸ்டூலில் கட்டினாள்.

கொக்கு வேலைக்குத் திரும்பி, அந்தக் குஷனை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு வாரத்தில் கடை கெட்டுப்போனது. கண்ணாடி மேலே போய்விட்டதால் வந்தவர்களின் முகம் தெரிய நாற்காலியை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் கலர்காரிக்கும் மற்றவளுக்கும் கை தோளுக்கு மேல் தூக்கியபடியே நிற்க வேண்டும். சாயம் பூசிப் பூசிக் கலர்காரிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "முன்ன ஒருத்திக்கு இடுப்பு போச்சு. இப்ப எங்க ரெண்டு பேருக்கும் தோள் போகட்டும், கணக்கு சரியாயிடும்" என்று அக்கா காதில் விழும்படியே சொன்னாள். கொக்குவின் வேலையெல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் யாருக்கும் பேசப் பிடிக்கவில்லை. வந்தவர்களோ, "உடம்பு இன்னும் சரியாகலையா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். கத்தரியைத் தொடாத கை வீட்டுக்கு என்ன கொண்டுபோகும் என்ற கவலை வேறு கொக்குவுக்கு.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் கொக்குவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சனிக்கிழமைச் சிரிப்பு காதில் கேட்டது. அதனால் இன்னும் கொஞ்சம் கவனித்தாள், இன்னொரு குஷன் வாங்கினாள்.

ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் கொக்கு மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காகத்தானடி இவ்ளோ பண்ணேன்" என்றாள்.

"அதான்க்கா பிரச்சினை. எனக்காகன்னு பண்றீங்க. என்னை உக்கார வச்சு உங்க மனசை ஆத்திக்கறீங்க. நான் முடி வெட்ட வந்தவ. எல்லாருக்கும் சேர்த்து எதாவது பண்ணுங்க, இல்லன்னா என்னை விட்டுடுங்க."

அக்கா என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அழவில்லை. "சரியாச் சொன்னா" என்று மட்டும் சொன்னாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்கு மாட்டியதும் கொக்குவின் உயரத்துக்கு மாட்டியதும் ஒரே புத்தி என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு தடவையும் ஒரே ஓர் உடம்பைத்தான் பார்த்திருந்தாள்.

விடுமுறை நாளில் கடையைத் திறந்து எல்லோரையும் வரச்சொன்னாள். பிசியோதெரபி பெண்ணையும் கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு நாற்காலியிலும் நிற்கவைத்து, வழக்கமாகச் செய்வதைச் செய்யச்சொல்லிப் பார்த்தார் அந்தப் பெண். முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கும் அளவுக்கு நாற்காலியை ஏற்றவோ இறக்கவோ வேண்டும், அது ஆளுக்கு ஆள் மாறும், உட்காருகிறவரைப் பொறுத்தும் மாறும் என்றார். அப்படியானால் கண்ணாடி எந்த மட்டத்துக்கும் முகத்தைக் காட்ட வேண்டும். கடைசியில் பல்பு வைத்த கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, முழங்கால் உயரத்திலிருந்து கதவு உயரம் வரைக்கும் நீளும் வெறும் கண்ணாடியை மாட்டினாள் அக்கா. தலை அலசும் தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் ஆள் நிற்க இடம் விட்டாள். குழாய் வேலைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். டிரையர்களை எடை குறைந்தவையாக மாற்றினாள். எல்லா நாற்காலியையும் சுற்றி விரிப்பு போட்டாள். முடி உள்ளே சிக்காதபடி மேல்பக்கம் வழவழப்பாகவும், கால் தடுக்காதபடி ஓரம் சரிவாகவும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினாள். உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டூல் ஆளுக்கொன்று.

"ஸ்டூலும் விரிப்பும் வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க" என்றார் அந்தப் பெண். "ஒரே மாதிரி நிக்கறதுதான் காலைக் கெடுக்குது. நடந்தா கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேல தள்ளும். அசையாம நின்னா கீழயே தேங்கிடும். அதுக்காக நாள் முழுக்க உக்காந்தாலும் முதுகு போயிடும். மாத்தி மாத்திச் செய்யணும்."

பக்கத்தில் நின்ற அக்கா பாவாடையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். கொக்கு அதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னாள்.

முறைப் பலகை அன்றைக்கு மாறியது. டிரையர் வேலை ஒன்றுக்குப் பின் இன்னொன்று ஒரே ஆளுக்கு வராது. வெட்டு முடிந்தால் அடுத்து ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும் சாயமோ நகமோ போனோ. நீண்ட வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள். இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவே பத்து நிமிடம் காலி. சாப்பாடு உட்கார்ந்துதான். கொக்குவும் இதே முறையில்தான் வருவாள். முதலில் சின்ன வெட்டுகள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்வாள்.

கலர்காரி பலகையைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷமா? பாத்ரூம் போய்ட்டு வந்து வேற மிச்சம் இருக்கே" என்றாள். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. காலி நேரம் வந்தால் சீப்பைத் துடைத்தார்கள், துண்டை மடித்தார்கள். புது ஸ்டூல்கள் வரிசையாகக் கிடந்தன. அக்கா உட்காருங்கள் என்றாள். சரி அக்கா என்று நின்றார்கள். அத்தனை வருடம் அவள் கண்ணுக்குப் பயந்து நின்ற கால்கள் அவள் வாய்ச்சொல்லை நம்பவில்லை. கொக்குவும் நின்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தால் மறுபடி நோயாளி ஆகிவிடுவோமோ என்று பயம். மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னதை அவள் திரும்பப் பெற்றிருக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை வக்கீலம்மா சொல்லாமல் வந்தார். கொக்கு அப்போதுதான் ஒரு வெட்டை முடித்திருந்தாள். அவளுடைய பத்து நிமிடம்.

"வாம்மா, சீக்கிரம், எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும்" என்று நேராகக் கொக்குவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார் வக்கீலம்மா.

கொக்கு கத்தரியை எடுத்துவிட்டாள். பழக்கம். அக்கா கல்லாவிலிருந்து எழுந்து வந்து ஒரு ஸ்டூலை உருட்டினாள். வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில், கடையின் நடுவில், போட்டு உட்கார்ந்தாள். கடையில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அக்கா வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அவ இப்ப ஓய்வுல இருக்கா மேடம். பத்து நிமிஷம்."

"என்ன, கடையில எல்லாரும் உக்காந்துட்டீங்க?"

"ஆமா மேடம். அன்னிக்கு உங்க தலைக்கு நுரை போட்டுட்டு நிமிர முடியாம நின்னது இவதான். அது என் தப்பு. மறுபடி பண்ண மாட்டேன். நீங்களும் உக்காருங்க."

"நான்தான் உக்காந்துட்டேனே" என்றார் வக்கீலம்மா. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. கலர்காரி சத்தமாகச் சிரித்தபடி தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கொக்கு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடமும் முழுதாக உட்கார்ந்தாள். முதலில் எழுந்தது அக்காதான். உட்கார்ந்த சற்று நேரத்திலேயே கால் பரபரத்து, பெருக்குமாற்றைத் தேடிக்கொண்டு போனாள்.

கொக்கு மாதக் கடைசியில் நின்றுகொள்ளவில்லை.

அவளுக்கு முழுதாகச் சரியாகிவிடவும் இல்லை. சில நாள் காலையில் இடது காலில் அந்த இழுப்பு வரும். அன்றைக்குப் பலகையில் தன் வேலையைக் கலர்காரியோடு மாற்றிக்கொள்வாள். அந்த நாட்களில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது. நாற்காலியை ஏற்றும்போதெல்லாம் "தலை தெரியுதா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்பது கடையின் புதுச் சட்டமானது. நாள் முழுக்க அந்தக் கேள்வி கடையில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் அக்கா திரும்பிப் பார்ப்பாள்.

கொக்கு என்று அவள் மறுபடி கூப்பிடவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டார்கள், கொக்குவும் திரும்பினாள். அக்கா மட்டும் முழுப்பெயர் சொல்லுவாள், ஏதோ வெளியாளைக் கூப்பிடுவதுபோல. அது கொக்குவுக்குப் பிடிக்கவில்லை. "கோபம்னா திட்டிடுங்கக்கா, பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க" என்று ஒருமுறை சொன்னாளாம். அக்கா சிரித்து மழுப்பிவிட்டாள்.

அக்காவின் மூச்சு ஒரு நாள் மதியம் நின்றது. வீட்டில், கால்களைச் சுவரில் சாய்த்துப் படுத்திருந்தபோது. கடைசி வரைக்கும் அவள் தன் கால்களை யாரிடமும் காட்டவில்லை. எல்லோருடைய காலுக்கும் விரிப்பு போட்டவள், தன் புடைத்த நரம்புகளுக்கு மருத்துவரிடம் போகவில்லை. தனக்கு அது தகும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் கேட்டிருந்தால் பாவாடையை இழுத்துவிட்டிருப்பாள்.

சென்ற வாரம் கடைக்குப் போனேன். இனி கொக்குதான் அதை நடத்த வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். அதைச் சொல்வதற்குள் அவள் என் தலையைப் பார்த்துவிட்டு, "முடியா இது சின்னக்கா? உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். நானும் அக்கா உயரம்தான். பின்னால் வந்து நின்றவள் மிதியை மிதித்தாள். நாற்காலி மெல்ல மேலே போயிற்று. கண்ணாடியில் என் முகத்துக்குப் பின்னால் அவள் நேராக நின்றிருந்தாள், முழங்கை உடம்போடு ஒட்டி.

கண்ணாடியில் இருந்த என் முகத்தில் அக்காவின் நெற்றி இருந்தது. கொக்கு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை தெரியுதா?" என்றாள்.

தெரிகிறது என்றேன்.